மூன்று புலிகளும் ஒரே புலியா?

"அண்ணே, என் கொள்ளுத்தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பாயும் புலி போட்ட 3 காசு அஞ்சல் தலைகள் மூன்று கிடைத்தன. எல்லாமே பழுப்பு நிறம். போனில் கிட்ட வைத்துப் பிடித்த படங்களை முன்பக்கமும் பின்பக்கமுமாக அனுப்பியிருக்கிறேன். மூன்றும் ஒன்றுதானா? எந்தக் காலத்தது? ஓரப் பல்லையும் வாட்டர்மார்க்கையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?"

தம்பி, மூன்றும் ஒன்றில்லை. மூன்றாவது தலை மற்ற இரண்டுக்கும் மூத்தது. அது முன்பக்கப் படத்திலேயே தெரிகிறது. முதல் இரண்டும் முன்பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்று மற்றதைவிட இருபது வருடம் இளையதாக இருக்கலாம். அதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

இந்தப் புலித் தலைகள் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டு மாநிலங்களுடையவை. 1900 வாக்கில் தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை ஓடின. 1935இல் பேராக்குக்கு சுல்தான் இஸ்கந்தர் படத்தோடு தனித் தலைகள் வந்தன. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே புலி, ஒரே பாய்ச்சல். லண்டனில் டி லா ரூ என்ற அச்சகம் இவற்றை அச்சடித்தது. படம் மாறவில்லை. நிறமும் தாளும் மாறிக்கொண்டே இருந்தன. அதனால்தான் இதில் ஆள் அடையாளம் கண்டுபிடிப்பது இவ்வளவு சுவையான வேலை.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். 3 காசு தலை தொடக்கத்தில் இரண்டு மையில் வந்தது. புலி கருப்பிலோ சாம்பலிலோ இருக்கும், சுற்றியுள்ள சட்டம் பழுப்பில் இருக்கும். 1906இல் முழுக்கப் பழுப்பானது. 1909இல் சிவப்பானது. 1918இல் சாம்பல், 1924இல் பச்சை, பிறகு 1927இல் மறுபடியும் பழுப்பு. இந்த மாற்றமெல்லாம் யாரோ ஆசைக்குச் செய்தது இல்லை. அச்சிட்ட தாள்களுக்கான கட்டணத் தலை பச்சை, உள்நாட்டுக் கடிதத் தலை சிவப்பு, வெளிநாட்டுக் கடிதத் தலை நீலம் என்று உலக அஞ்சல் ஒன்றியம் ஒரு வழக்கத்தைப் பரிந்துரைத்திருந்தது. எழுத்தறிவு குறைந்த இடத்திலும் அஞ்சல் ஊழியர் நிறத்தைப் பார்த்தே கட்டணத்தைச் சரிபார்க்கலாம். 1919இல் சிவப்பு 4 காசுக்குப் போய்விட்டது. அப்படி நிறங்கள் இடம் மாறியதால்தான் நமக்கு இன்று ஒரு நாட்காட்டி கிடைத்திருக்கிறது.

உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. முழுப் பழுப்பு 3 காசு இரண்டு தடவை வந்திருக்கிறது, 1906இல் ஒன்று, 1927இல் ஒன்று. முதல் தலையில் ஈப்போ முத்திரை விழுந்திருக்கிறது. ஊர்ப் பெயர் நன்றாகத் தெரிகிறது, ஆனால் வருடத்தில் கடைசி எண் 8 மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 1918ஐ ஒதுக்கிவிடலாம். அந்தச் சமயத்தில் 3 காசு சிவப்பும் சாம்பலும்தான் புழக்கத்தில் இருந்தன, பழுப்பு வழக்கொழிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. 1908, 1928 இரண்டுமே பழுப்பு ஓடிக்கொண்டிருந்த வருடங்கள். முத்திரை கைவிடுகிறது. கொள்ளுத்தாத்தாவின் வயதை வைத்து 1928 என்று ஊகிக்கத் தோன்றும். அந்த ஊகத்தை ஓரமாக வையுங்கள். பழைய தலையை வேறு யாரோ கொடுத்து அவர் பெட்டிக்குள் போட்டிருக்கலாம்.

பழுப்பின் சாயலை வைத்துப் பிரிக்க முடியாதா என்று கேட்பீர்கள். கையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஓரளவு முடியும். போன் படத்தில் முடியாது. போன் தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்கிறது. உங்கள் முதல் படம் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தது, அதில் பழுப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறது. அதே தலை இரண்டாவது படத்தில் காப்பி நிறம். ஆகவே நிறத்துக்காகப் படம் எடுக்கும்போது ஐந்தடி வாசலில் நேர் வெயில் படாத இடத்தில் வெள்ளைத் தாளின் மேல் மூன்றையும் ஒரே படத்தில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். அப்போதும் "இது பழுப்பு, அது சிவப்பு" என்ற அளவில்தான் நம்ப வேண்டும். விலைப்பட்டியலில் இருக்கிற இளம்பழுப்பு, அடர்பழுப்பு என்ற வித்தியாசத்தைத் திரையில் பார்த்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நூறு வருடம் போல் கிடந்த தாளே பழுப்பேறிவிடும். அந்தத் தாளின் மேல் மையின் சாயலைப் பிரிப்பது எனக்கே கையில் வைத்துப் பார்த்தாலும் கடினம்.

ஓரப் பல்லுக்கு வருகிறேன். கணக்கு எளிது. 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை வருகிறதோ அதுதான் அந்தத் தலையின் துளை எண். படத்திலிருந்து கணக்கிட, தலைக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலைத் தலையின் அதே மட்டத்தில் வைக்க வேண்டும். கண்ணாடி உறைக்குள் தலையும் வெளியே அளவுகோலும் இருந்தால் அளவு பிசகும். போனைத் தலைக்கு மேல் சமமாகப் பிடியுங்கள். மிகக் கிட்டப் போனால் லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும், சற்றுத் தள்ளி நின்று இரட்டை ஜூமில் எடுங்கள். உங்கள் முதல் தலையின் இடது ஓரத்தில் 24 மில்லிமீட்டருக்குள் 17 இடைவெளி எண்ணினேன். 17ஐ 20ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 14.2 வருகிறது. அளவில் அரை மில்லிமீட்டர் தவறு இருக்கலாம், ஆக இது 14தான். இரண்டாவது தலைக்கும் அதே எண் வந்தது.

ஆனால் இந்த எண் உங்கள் கேள்விக்கு உதவாது, ஏனென்றால் 1906ஆம் வருடத்துப் பழுப்பும் 1927ஆம் வருடத்துப் பழுப்பும் இரண்டுமே 14தான். அப்புறம் ஏன் எண்ணினேன்? 14 வரவில்லை என்றால் அது புலியே இல்லை, அல்லது யாரோ ஓரத்தில் கை வைத்திருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது தலையைப் பாருங்கள். வலது ஓரத்தில் பற்கள் மற்ற ஓரங்களைவிடக் குட்டையாக, நுனி ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. கிழிந்த பல் நுனியில் தாளின் நார் தெரியும், இதில் நார் இல்லை, வெட்டு சுத்தமாக இருக்கிறது. கத்தரிக்கோல் பட்ட ஓரம் அது. கடிதத்திலிருந்து வெட்டி எடுத்தபோது யாரோ சற்று நெருக்கமாக வெட்டிவிட்டார்கள். போலி இல்லை, குறை உள்ள தலை, அவ்வளவுதான்.

அச்சு முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மூன்றாவது தலைக்கு அது முக்கியம். டி லா ரூ இவற்றை மேடெழுத்து அச்சில் அடித்தது. அதாவது மை படும் இடம் மேடாக இருக்கும், அது தாளில் அழுத்தப்படும். அந்த அழுத்தத்தில் மை எழுத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, உள்ளே சற்று வெளிறியும் ஓரத்தில் கருத்தும் ஒரு மெல்லிய கரை விழும். பின்பக்கம் சாய்வாக வெளிச்சம் அடித்தால் எழுத்தின் அழுத்தம் லேசாகப் புடைத்துத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைப் போன் லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுத்தால் இதெல்லாம் கிடைத்துவிடும். நவீன அச்சில் எடுத்த நகல் என்றால் சட்டத்தின் கோடுகள் சிறு சிறு புள்ளிகளாக உடைந்து நிற்கும். உங்கள் மூன்றிலும் கோடு முழுசாக இருக்கிறது, மையின் கரையும் தெரிகிறது.

மூன்றாவது தலையில் புலி சாம்பல் கலந்த கருப்பு, சட்டம் பழுப்பு. இரண்டு மை என்றால் தாள் இரண்டு தடவை அச்சுக்குள் போயிருக்கிறது, வெவ்வேறு அச்சுத் தகடுகளோடு. இரண்டும் ஒரு மயிரிழை பிசகினாலும் ஒரு பக்கம் வெள்ளை இடைவெளி விடும், எதிர்ப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். உங்கள் படத்தில் புலியின் பின்னணி இடதுபக்கச் சட்டத்தின்மேல் லேசாக ஏறியிருக்கிறது, வலப்பக்கம் வெள்ளைக் கீற்று. இது பிழை என்று சொல்லி யாரும் விலை ஏற்றப் பார்க்க வேண்டாம், அந்தக் காலத்து இரு மைத் தலைகளில் இது சாதாரணம். ஆனால் இதைப் பார்த்ததும் இந்தத் தலை முழுப் பழுப்பு வருவதற்கு முந்தியது, 1906க்கு முன் அச்சானது என்று பட்டென்று சொல்லிவிடலாம். பல பேர் "பழுப்புப் புலி" என்று ஒரே கவரில் போட்டு வைத்துவிடுகிறார்கள், நீங்களும் அப்படித்தான் போட்டிருந்தீர்கள்.

இனி வாட்டர்மார்க். தாள் ஈரக் கூழாக இருக்கும்போது ஒரு வடிவத்தை அழுத்தினால் அந்த இடத்தில் தாள் மெலிந்துபோகும், வெளிச்சத்தில் அந்த வடிவம் தெரியும். இந்தத் தலைகளில் அது ஒரு கிரீடமும், அதோடு சி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும். காலனிகளுக்கான அரசு முகவர்கள் என்ற லண்டன் அலுவலகத்தின் குறி அது. மூன்று வகை நமக்கு வேண்டும். முதல் வகையில் ஒரு தலைக்கு ஒரு கிரீடம், நடுவில் நிற்கும். 1904இலிருந்து கிரீடமும் எழுத்துகளும் தாள் முழுக்க நெருக்கமாகப் பரவின, ஒவ்வொரு தலையிலும் பல கிரீடங்களின் துண்டுகள் விழும், எழுத்துகள் அச்செழுத்து மாதிரி நேராக நிற்கும். 1921க்குப் பிறகு வந்த தாளில் அதே பரவல்தான், ஆனால் சி, ஏ இரண்டும் கையெழுத்து மாதிரி சாய்ந்து வளைந்திருக்கும். புலித் தலைகளுக்கு இந்தச் சாய்வெழுத்துத் தாள் 1922இலிருந்து வந்தது.

ஆக 1906ஆம் வருடத்துப் பழுப்பில் நேர் எழுத்து, 1927ஆம் வருடத்துப் பழுப்பில் சாய்வெழுத்து. இந்த ஒரு வித்தியாசம்தான் இரண்டையும் பிரிக்கிறது.

முன்பக்கப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தெரியாது. பின்பக்கத்தை எப்படிப் பிடிப்பது? தலையைக் கருப்புத் தட்டில் முகம் கவிழ்த்து வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். மெலிந்த இடத்தின் ஓரங்கள் நிழல் போடும். ஒரு திசையில் தெரியாவிட்டால் தலையைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். படத்தைப் போனில் கருப்பு வெள்ளையாக மாற்றி கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். சி இடப்பக்கம் வர வேண்டிய இடத்தில் ஏ வரும். படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டுப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் முதல் தலையின் பின்பக்கப் படத்தைத் திருப்பிப் போட்டேன். கீழ்ப் பாதியில் ஒரு வளைந்த கோடு மேலே போய் இடதாகச் சுருள்கிறது, அதன் பக்கத்தில் சாய்ந்த கால் ஒன்று. நேரெழுத்து ஏயின் இரண்டு கால்களும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் இருக்கும், உச்சியில் சந்திக்கும். இதில் கால் வளைகிறது. சாய்வெழுத்துத்தான். ஆகவே முத்திரையின் 8 என்பது 1928. முதல் தலை முடிந்தது.

இரண்டாவது தலையை நான் சொல்ல மாட்டேன். பின்பக்கம் பாதி இடத்தில் பழைய ஆல்பத்தின் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறது, மீதியில் கோந்து பழுத்துப்போய்க் கிடக்கிறது. ஒரு கிரீடத்தின் அடிப்பகுதி தெரிகிறது. கிரீடம் இரண்டு வகையிலும் உண்டு, எழுத்து தெரிந்தால்தான் பேச்சு. இதற்கு லைட்டர் எண்ணெய் முறை வேண்டும். கருப்பு நிறச் சிறு தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தாள் நனைந்ததும் மெலிந்த இடம் கருப்பாகத் தெரியும், சில வினாடிதான் நிற்கும், அதற்குள் படம் எடுக்க வேண்டும். எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், தலைக்கும் கோந்துக்கும் ஒன்றும் ஆகாது. சாமி விளக்கோ அடுப்போ எரிகிற அறையில் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிற்காலத்துப் போட்டோகிராவூர் அச்சுத் தலைகளுக்கு இந்த எண்ணெய் கூடாது, மை கரைந்துவிடும். புலிக்கு ஆபத்தில்லை.

ஒட்டுத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்தப் பழுப்பு ஒருவேளை தாங்கும். ஆனால் பெட்டியில் ஊதாவோ மங்கிய பச்சையோ இருந்தால் அதைத் தண்ணீரில் போடவே கூடாது. முத்திரையை அழித்துவிட்டுத் தலையை மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, டி லா ரூ தண்ணீர் பட்டால் கலையும் மையை வேண்டுமென்றே பயன்படுத்தியது. ஊதா வெளிறிப் போகும், பச்சை மஞ்சளாகும். அப்புறம் அதைப் படத்தில் பார்த்து "புதிய நிற வகை" என்று ஒருவர் வந்து நிற்பார். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

மூன்றாவது தலைக்குத் திரும்புகிறேன். இரு மைத் தலை ஒற்றைக் கிரீடத் தாளிலும் வந்தது, 1904க்குப் பிறகு பரவல் கிரீடத் தாளிலும் வந்தது. ஒற்றைக் கிரீடம் என்றால் 1900க்குச் சற்றுப் பிந்தியது, பரவல் என்றால் 1904க்கும் 1906க்கும் இடைப்பட்டது. உங்கள் படத்தில் மேல் வலது மூலையில் கிரீடத்தின் ஒரு துண்டு தெரிகிறது. இங்கே பலரும் அவசரப்படுவார்கள்: "மூலையில் துண்டு இருக்கிறது, நடுவில் இல்லை, ஆகவே பரவல் தாள்." அது போதாது. ஒற்றைக் கிரீடத் தாளை அச்சில் வைக்கும்போது சற்றுத் தள்ளி வைத்திருந்தால் கிரீடம் நடுவிலிருந்து நகர்ந்து மூலைக்குப் போயிருக்கும். ஆகவே இரண்டாவது துண்டைத் தேட வேண்டும். தேடினேன். கீழ் இடது பக்கம் ஏ எழுத்தின் நேரான இரண்டு கால்களும், அதற்குச் சற்று மேலே இன்னொரு கிரீடத்தின் வளைவும் இருக்கின்றன. இரண்டு கிரீடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் தலையின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஒற்றைக் கிரீடத் தாளில் இரண்டு கிரீடங்கள் அவ்வளவு நெருங்க வாய்ப்பில்லை, ஒரு தலைக்கு ஒன்றுதானே. ஆகவே பரவல் தாள், நேர் எழுத்து. உங்கள் மூன்றாவது புலி 1904க்கும் 1906க்கும் நடுவே அச்சானது. கொள்ளுத்தாத்தா கிராணியாகும் முன்பே வந்தது.

முன்பக்கப் படத்தை மட்டும் நம்பி நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். 2 காசு பச்சைப் புலி, 1919ஆம் வருடத்தது என்று ஒருவர் முன்பக்கப் படம் மட்டும் காட்டி விற்றார். பச்சை சரியாக இருந்தது, ஓரப் பல் 14, வாங்கிவிட்டேன். கையில் வந்த பிறகு எண்ணெய் விட்டுப் பார்த்தால் சாய்வெழுத்து. 2 காசு பச்சையும் இரண்டு தடவை வந்தது, 1919இல் நேர் எழுத்தில், 1926இல் சாய்வெழுத்தில். விற்றவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. அன்றிலிருந்து பின்பக்கப் படம் இல்லாமல் எந்தப் புலியைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. 1 காசு அடர்பழுப்பு, 3 காசு சாம்பல் ஆகியவையும் இதே மாதிரி இரண்டு தாளிலும் வந்தவை, பெட்டியில் இருந்தால் அவற்றையும் கவிழ்த்துப் போட்டுப் படம் எடுங்கள்.

விலை கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். முத்திரை விழுந்த 3 காசு பழுப்பு, இரண்டு வகையிலும், சேகரிப்பாளர்களிடம் தாராளமாக இருக்கிறது. மூன்றாவது தலை ஓரம் வெட்டுப்பட்டது. பணமாக்கும் பெட்டி இல்லை இது. ஆனால் முதல் தலையில் ஈப்போ முத்திரை இவ்வளவு தெளிவாக விழுந்திருப்பதால் அதை அப்படியே பத்திரமாக வையுங்கள், வெட்ட வேண்டாம். எதையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் துருப்புள்ளி விழுந்துவிடும். பெட்டியில் தெலுக் ஆன்சன் என்ற முத்திரை ஏதாவது இருந்தால் அது இன்றைய தெலுக் இந்தான், 1982இல்தான் பெயர் மாறியது. அந்த முத்திரையையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது தலைக்கு எண்ணெய் விட்டு எடுத்த படம் வந்ததும் எழுதுகிறேன். ஏயின் கால் நேராக இருந்தால் 1906ஆம் வருடத்துத் தாள், வளைந்தால் முதல் தலையின் உடன்பிறப்பு.